மாதக் கடைசி + 30 நாள்: கெடு தேதியைத் தப்பில்லாமல் கணக்கிடுவது எப்படி

கோயம்புத்தூரில் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. 2025 ஜனவரியில் ஒரு பட்டறையிலிருந்து ஒரே கம்பெனிக்கு ஒரே பர்ச்சேஸ் ஆர்டரில் இரண்டு பில் போனது. முதல் பில் ஜனவரி 29, இரண்டாவது ஜனவரி 30. முதல் பில்லுக்குப் பணம் பிப்ரவரி 28 அன்று சொன்னபடி வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை, மார்ச் முதல் வாரம் போன் செய்தால் "அது மார்ச் 31 சார், சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்றார்கள். ஒரு நாள் தள்ளிப் போட்ட பில்லுக்கு ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் பணம். பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், அவர்கள் சிஸ்டம் போட்ட கணக்கில் தப்பே இல்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையை இரண்டு விதமாகப் படித்திருக்கிறோம் என்று புரிந்தது.

ஆர்டரில் இருந்தது "30 டேஸ் ஈஓஎம்". ஈஓஎம் என்றால் மாதக் கடைசி, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் வருவது 30 நாளை மாதக் கடைசிக்கு முன்னால் கூட்டுவதா பின்னால் கூட்டுவதா என்பதில்.

முதல் படி: எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யுங்கள்

இந்த மாதிரித் தவணையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஒரு தேதியை அந்த மாதத்தின் கடைசி நாளுக்கு நகர்த்துவது. இன்னொன்று, 30 நாள் கூட்டுவது. எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதல் முறை: மாதக் கடைசிக்குப் போய்விட்டு அப்புறம் 30 நாள் கூட்டுவது. ஜனவரி 29 பில் என்றால் ஜனவரி 31க்குப் போகிறோம், அதிலிருந்து 30 நாள் எண்ணினால் மார்ச் 2. ஜனவரி 30 பில்லுக்கும் அதே மார்ச் 2தான். ஜனவரியில் எந்தத் தேதியில் பில் போட்டாலும் மார்ச் 2தான்.

இரண்டாவது முறை: பில் தேதியோடு 30 நாளைக் கூட்டிவிட்டு, வந்து விழுகிற மாதத்தின் கடைசிக்குப் போவது. ஜனவரி 29 + 30 என்றால் பிப்ரவரி 28, அதுவே மாதக் கடைசி, அதனால் பிப்ரவரி 28. ஜனவரி 30 + 30 என்றால் மார்ச் 1, ஆகவே மார்ச் 31. எங்கள் பட்டறைக்கு நடந்தது இதுதான்.

இதில் எது "சரி" என்று கேட்டால் என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை, ஏனென்றால் உலகத்தில் இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. பிரான்சில் சட்டமே "மாதக் கடைசி 45 நாள்" என்ற தவணையை அனுமதிக்கிறது, அங்கேயும் இந்த இரண்டு விதமாகவும் கணக்குப் போடுகிறார்கள், எந்த முறை என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்வதுதான் வழி. ஆங்கிலத்தில் "30 டேஸ் ஃபிரம் எண்ட் ஆஃப் மந்த்" என்று முழுசாக எழுதியிருந்தால் முதல் முறை என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம், மாதக் கடைசியிலிருந்து என்று வார்த்தையே சொல்கிறது. வெறும் "30 டேஸ் ஈஓஎம்" என்று இருந்தால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டில் எது நமக்கு லாபம் என்று பட்டறைக்காரர்கள் உடனே கேட்பார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் காத்திருப்பு குறைந்தது 30 நாள், அதிகபட்சம் 60 நாள். மாதத்தில் எந்தத் தேதியில் பில் போடுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். முதல் முறையில் மாதத் தொடக்கத்தில் போட்ட பில் ரொம்பக் காத்திருக்கும், மாதக் கடைசியில் போட்ட பில்லுக்குச் சீக்கிரம் வரும். மார்ச் 31 அன்று போட்டால் ஏப்ரல் 30, அதே பில்லை ஏப்ரல் 1 அன்று போட்டால் மே 30. லாரி ஒரு நாள் தாமதமானதற்கு 30 நாள் அபராதம் மாதிரி. இரண்டாவது முறையில் அந்தப் படுகுழி மாதத்தின் நடுவிலோ தொடக்கத்திலோ கடைசியிலோ எங்கே வரும் என்பது கூட்டுகிற நாளையும் மாத நீளத்தையும் பொறுத்தது. 30 நாள் கூட்டும்போது பெரும்பாலான மாதங்களில் அது 1ஆம் தேதிக்கும் 2ஆம் தேதிக்கும் நடுவில், அல்லது மாதம் மாறுகிற இடத்தில் வரும். ஜனவரி 1 பில் + 30 = ஜனவரி 31, அதாவது அந்த மாதக் கடைசியிலேயே பணம் வர வேண்டும். ஜனவரி 2 பில் + 30 = பிப்ரவரி 1, ஆகவே பிப்ரவரி 28. இந்த ஜனவரி 1 விஷயத்தைச் சொன்னால் வாங்குகிற கம்பெனிக்காரர்களே நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது படி: நாளை எண்ணுங்கள், முதல் நாளை விட்டுவிட்டு

நம் ஊர் வழக்கத்தில் பெரும்பாலும் முதல் நாளையும் சேர்த்தே எண்ணுவோம். "எட்டாம் நாள்", "பதினாறாம் நாள்" என்று சொல்லும்போது நிகழ்ச்சி நடந்த நாளே முதல் நாள். பணம் கட்டும் கெடுவில் அப்படி எண்ணக் கூடாது. ஒரு தேதி"யிலிருந்து" இத்தனை நாள் என்றால் அந்தத் தேதியை விட்டுவிட்டு அடுத்த நாளை 1 என்று எண்ண வேண்டும், கடைசி நாளைச் சேர்க்க வேண்டும். சட்டங்களைப் படிக்கும்போது இப்படித்தான் எண்ண வேண்டும் என்று 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் 9ஆவது பிரிவு சொல்கிறது. உண்டியல், புரோநோட்டு மாதிரியான கடன் பத்திரங்களுக்கு 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 24ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. வியாபார பில்லுக்கும் எல்லோரும் இதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கையால் எண்ணும்போது ஒவ்வொரு நாளாக விரல் மடக்க வேண்டாம், அதில்தான் ஒரு நாள் தவறிப்போகும். ஜனவரி 10 பில்லுக்கு வெறும் 30 நாள் தவணை என்று வையுங்கள். ஜனவரியில் 31 நாள், அதில் 10 போனால் மீதம் 21. 30இல் 21 போனால் 9. ஆகவே பிப்ரவரி 9. மாதக் கடைசியிலிருந்து என்றால் இன்னும் சுலபம், ஜனவரியில் மீதம் பூஜ்யம், பிப்ரவரி முழுசாக 28 நாளைச் சாப்பிடும், மிச்சம் 2, ஆகவே மார்ச் 2. லீப் வருடமாக இருந்தால் பிப்ரவரி 29 நாளைச் சாப்பிடும், மிச்சம் 1, மார்ச் 1. எந்த மாதத்துக்கு 31 என்பதில் இன்னமும் எனக்குச் சந்தேகம் வரும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி முஷ்டியை மடக்கி மேட்டையும் பள்ளத்தையும் தொட்டுத்தான் பார்க்கிறேன், வெட்கமில்லை.

சரியாக எண்ணினோமா என்று பார்க்க ஒரே வழி கழித்துப் பார்ப்பது. கெடு தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழித்தால் சரியாக 30 வர வேண்டும். 29 வந்தால் முதல் நாளையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள்.

தாமதத்தை எண்ணுவதும் இதே மாதிரிதான். கெடு மார்ச் 2 என்றால் அன்று இரவு வரை கட்டுகிறவர் தாமதக்காரர் இல்லை. தாமதத்தின் முதல் நாள் மார்ச் 3. மார்ச் 10 அன்று பணம் வந்தால் 8 நாள் தாமதம்.

இங்கே 30 நாளையும் ஒரு மாதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுதான், கணக்கில் இல்லை. ஜனவரி 31லிருந்து 30 நாள் மார்ச் 2, ஜனவரி 31லிருந்து ஒரு மாதம் பிப்ரவரி 28. மாதக் கணக்கில் அடுத்த மாதத்தில் அதே எண்ணுள்ள தேதிக்குப் போக வேண்டும், அந்த எண் அங்கே இல்லாவிட்டால் அந்த மாதத்தின் கடைசி நாள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 23ஆவது பிரிவில் இதற்கு 1878ஆம் ஆண்டுத் தேதிகளை வைத்தே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: ஆகஸ்ட் 30 தேதியிட்டதும் ஆகஸ்ட் 31 தேதியிட்டதும் மூன்று மாதக் கெடு என்றால், இரண்டும் நவம்பர் 30க்கே வந்து நிற்கும், அதற்கு மேல் மூன்று சலுகை நாள் சேர்ந்து டிசம்பர் 3 அன்று முதிரும். அந்த மூன்று சலுகை நாள் உண்டியலுக்கும் புரோநோட்டுக்கும்தான், சாதாரண பில்லுக்கு இல்லை. "மூணு நாள் கிரேஸ் உண்டு" என்று யாராவது சொன்னால் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒரு குறுக்கு வழி

முதல் முறைக்கு, அதாவது மாதக் கடைசிக்குப் போய் 30 கூட்டுவதற்கு, பன்னிரண்டு மாதத்துக்கும் நான் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பிப்ரவரி பில் மார்ச் 30. மார்ச் பில் ஏப்ரல் 30. ஏப்ரல் பில் மே 30. இப்படியே போய் டிசம்பர் பில் ஜனவரி 30. காரணம் எளிது, மாதக் கடைசியிலிருந்து 30 நாள் எண்ணினால் அடுத்த மாதத்தின் 30ஆம் தேதியில்தான் வந்து நிற்கும், அந்த மாதத்தில் 30ஆம் தேதி என்று ஒன்று இருக்கும் வரை. அது இல்லாத ஒரே மாதம் பிப்ரவரி. ஆகவே ஜனவரி பில் மட்டும் மார்ச் 2க்கு, லீப் வருடத்தில் மார்ச் 1க்குத் தள்ளிப்போகும். வருடம் முழுக்க அடுத்த மாதம் 30, ஜனவரிக்கு மட்டும் விதிவிலக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் போனில் பேசிக்கொண்டே கெடு சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை: நிறையப் பேர் "மாதக் கடைசி 30 நாள்" என்பதை "அடுத்த மாதக் கடைசி" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதத்துக்கு 30 நாள் இருந்தால் இரண்டும் ஒன்றே. 31 நாள் இருந்தால் ஒரு நாள் வித்தியாசம், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஜனவரி பில்லில் மட்டும் பிப்ரவரி 28, மார்ச் 2 என்று வித்தியாசம் மாதத்தையே தாண்டிவிடும், ஆகவே பிப்ரவரிக் கடைசியில் சம்பளத்துக்கு இந்தப் பணத்தை நம்பியிருந்தவர் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது படி: எந்தத் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள்

இதுவரை பில் தேதி என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். வாங்குகிற கம்பெனி அதிலிருந்துதான் எண்ணுகிறதா என்பது வேறு கேள்வி. சரக்கு வந்து சேர்ந்த தேதி, ஸ்டோர்ஸில் சரக்கு வந்ததற்கு ஜிஆர்என் என்ற சீட்டுப் போட்ட தேதி, தரம் பார்த்து ஏற்றுக்கொண்ட தேதி, அக்கவுண்ட்ஸில் பில்லைப் பதிவு செய்த தேதி, இவற்றில் எது வேண்டுமானாலும் தொடக்கமாக இருக்கலாம். சாதாரண 30 நாள் தவணையில் நாலு நாள் தள்ளிப் பதிந்தால் கெடுவும் நாலு நாள் தள்ளும், அவ்வளவுதான். மாதக் கடைசித் தவணையில் அப்படி இல்லை. நாலு நாளில் மாதம் மாறிவிட்டால் கெடு ஒரு மாதமே மாறிவிடும்.

ஜனவரி 30 பில், சரக்கு பிப்ரவரி 3 அன்று போய்ச் சேர்ந்தது, 4ஆம் தேதி ஜிஆர்என் போட்டார்கள் என்று வையுங்கள். பில் தேதியை வைத்தால் மார்ச் 2. ஜிஆர்என் தேதியை வைத்தால் பிப்ரவரி 28க்குப் போய் 30 நாள், அதாவது மார்ச் 30. நாலைந்து நாள் தாமதம் 28 நாளாகிவிட்டது.

எஸ்ஏபி மென்பொருள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளில் இதற்கு "பேஸ்லைன் தேதி" என்று பெயர். அது ஆவணத் தேதியா பதிவுத் தேதியா சிஸ்டத்தில் ஏற்றிய தேதியா என்று தவணைக் குறியீட்டுக்கு உள்ளேயே அமைத்து வைத்திருப்பார்கள், மாதக் கடைசிக்கு நகர்த்த நிலையான நாள் என்ற இடத்தில் 31 என்று போட்டிருப்பார்கள். அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவருக்குத் திரையில் வருகிற தேதிதான் தெரியும். ஆகவே "எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்" என்று கேட்பதை விட "எங்கள் பில்லுக்கு பேஸ்லைன் தேதி என்ன காட்டுகிறது, டியூ என்ன காட்டுகிறது" என்று இரண்டு தேதியைக் கேளுங்கள். அந்த இரண்டு தேதி கிடைத்தால் எந்த முறை என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று, சில கம்பெனிகள் 25ஆம் தேதிக்கு மேல் வருகிற பில்லை அடுத்த மாதக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அது ஆர்டரில் எழுதியிருந்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும். எழுதாமல் வெறும் "எங்கள் பழக்கம்" என்றால் சண்டை போட இடம் உண்டு.

நாலாவது படி: கெடு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்

2025 மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை. பணம் திங்கட்கிழமை மார்ச் 3 வந்தால் தாமதமா, இல்லை சனிக்கிழமை மார்ச் 1 அன்றே வந்திருக்க வேண்டுமா?

இதற்குச் சட்டத்தில் இரண்டு திசையிலும் விதி இருப்பதுதான் வேடிக்கை. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 25ஆவது பிரிவு, முதிர்வு நாள் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே முதிர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது, கெடு முன்கூட்டியே வந்துவிடுகிறது. பொது விதிகள் சட்டம் 10ஆவது பிரிவு, கோர்ட்டிலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாள் அது மூடியிருக்கும் நாளாக இருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் செய்யலாம் என்கிறது, கெடு தள்ளிப் போகிறது. சாதாரண வியாபார பில் இந்த இரண்டிலும் நேராக அடங்காது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுதான். எழுதாவிட்டால் நடைமுறையில் எல்லோரும் அடுத்த வேலை நாள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு நாளுக்காக யாரும் சண்டை போடுவதில்லை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் ஞாயிறு, விடுமுறை என்று பார்க்காமல் 24 மணி நேரமும் ஓடுவதால் "பேங்க் லீவு" என்ற காரணம் முன்பு மாதிரி செல்லுபடியாவதும் இல்லை.

முக்கியமான விஷயம், விடுமுறைக்காக நகர்த்துவதைக் கடைசியில், ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும். மாதக் கடைசி ஞாயிறாக இருக்கிறது என்று அதை முதலில் திங்கட்கிழமைக்கு நகர்த்திவிட்டு அதிலிருந்து 30 எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. நடுவில் வருகிற தேதி வெறும் கணக்குக்கான தேதி, அன்று யாரும் பணம் கட்டப் போவதில்லை.

ஐந்தாவது படி: 45 நாள் வேலியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்

விற்கிறவர் அரசின் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் மேலே போட்ட கணக்கு எல்லாம் போட்டுவிட்டு இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம் 15ஆவது பிரிவின்படி, எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். ஏற்றுக்கொண்ட நாள் என்பது சரக்கு வந்து சேர்ந்த நாள். வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லியிருந்தால் மட்டும் அந்தக் குறை தீர்ந்த நாள். ஜிஆர்என் போட்ட நாள் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மாதக் கடைசி + 30 நாள் என்பது 60 நாள் வரை போகும் என்று பார்த்தோம். ஆகவே இது இந்த வேலியைப் பாதி மாதம் தாண்டிக்கொண்டுதான் இருக்கும். ஜனவரி 10 அன்று பில் போட்டு மறுநாள் 11ஆம் தேதி சரக்கு போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். ஆர்டர்படி கெடு மார்ச் 2. சட்டப்படி 11 + 45, ஜனவரியில் மீதம் 20, 45இல் 20 போனால் 25, ஆகவே பிப்ரவரி 25. ஐந்து நாள் முன்னால் வந்துவிட்டது, அதுதான் செல்லும். எங்கே கோடு விழுகிறது என்றால், சரக்கு சேர்ந்த நாளுக்கும் அந்த மாதக் கடைசிக்கும் நடுவில் 15 நாளுக்கு மேல் இருந்தால் வேலி தாண்டிவிடும். 31 நாள் மாதத்தில் 15ஆம் தேதி வரை சேர்ந்த சரக்கு எல்லாம் தாண்டும், 16ஆம் தேதியிலிருந்து தாண்டாது.

தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. நம் ஊரில் பெரிய கம்பெனியிடம் வட்டி கேட்டு ஆர்டரை இழக்க யாருக்கும் தைரியம் இல்லை என்பது வேறு கதை. ஆனால் 1961 வருமானவரிச் சட்டத்தில் 43B(h) சேர்த்து, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்த பிறகு, இந்தக் கெடு தாண்டிய பணத்தை வாங்கியவர் உண்மையில் கட்டிய வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்றானது. அப்போதிலிருந்து அவர்களுடைய ஆடிட்டரே மார்ச் மாதத்தில் நமக்குப் போன் செய்து உத்யம் சான்றிதழ் கேட்கிறார். இந்தச் சலுகை நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது, வாங்கி விற்கும் வியாபாரிக்கும் கிடையாது.

எக்செல்லில் போடுவது

A2இல் பில் தேதி, B2இல் சரக்கு சேர்ந்த தேதி இருக்கட்டும். வரிசையாக முதல் முறை, இரண்டாவது முறை, அடுத்த மாதக் கடைசி:

```
=EOMONTH(A2,0)+30
=EOMONTH(A2+30,0)
=EOMONTH(A2,1)
```

முதலில் போடும்போது தேதிக்குப் பதில் 45718 என்று ஒரு எண் வந்து நிற்கலாம். தப்பு ஒன்றுமில்லை, அது மார்ச் 2, 2025தான், அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

45 நாள் வேலியையும் சேர்த்து, எது முன்னால் வருகிறதோ அது வேண்டும் என்றால்:

```
=MIN(EOMONTH(A2,0)+30, B2+45)
```

இந்த விடை C2இல் இருந்தால், ஞாயிறையும் விடுமுறைகளையும் தாண்டி அடுத்த வேலை நாளுக்கு நகர்த்த:

```
=WORKDAY.INTL(C2-1, 1, 11, $H$2:$H$40)
```

11 என்பது ஞாயிறு மட்டும் லீவு என்று சொல்வது. வங்கி லீவான இரண்டாம், நாலாம் சனிக்கிழமைகளை மற்ற விடுமுறைகளோடு சேர்த்து H நெடுவரிசையில் நீங்களே எழுத வேண்டும். ஒரு நாள் கழித்துவிட்டு ஒரு வேலை நாள் கூட்டுகிறோம், ஏனென்றால் C2வே வேலை நாளாக இருந்தால் அது நகரக் கூடாது. முந்தைய வேலை நாள் வேண்டுமென்றால் `C2+1` என்றும் `-1` என்றும் மாற்றுங்கள். ஆனால் 45 நாள் வேலியால் வந்த தேதியை அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள், அங்கே ஒரு நாள் தாண்டினாலும் தாண்டியதுதான்.

எக்செல்லில் உண்மையான ஆபத்து இந்த சூத்திரங்களில் இல்லை, A2இல் இருப்பது நிஜமாகவே நீங்கள் நினைக்கிற தேதியா என்பதில் இருக்கிறது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 04/03/2025 என்று நீங்கள் அடிக்கிற மார்ச் 4ஐ அது ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும், கெடு ஏப்ரல் 30க்குப் பதில் மே 30 என்று காட்டும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. 22/01/2025 என்று அடித்தால் 22ஆவது மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்று `#VALUE!` காட்டும். ஆகவே ஒரே பட்டியலில் சில வரிசையில் பிழையும் சிலவற்றில் தேதியும் வந்தால், பிழை வந்த வரிசைகளை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள், பிழை வராத 12ஆம் தேதிக்கு உட்பட்ட பில்கள்தான் அதிகம் கெட்டுப்போயிருக்கும். நான் தேதியை எப்போதும் 4-மார்ச்-2025 மாதிரி மாதப் பெயரோடு தெரியும்படி வைத்துக்கொள்வேன்.

டேலியில் பில் வாரியாக விவரம் கேட்கும் இடத்தில் நாள் எண்ணிக்கையைப் போட்டால் அது பில் தேதியிலிருந்துதான் எண்ணும். மாதக் கடைசித் தவணைக்கு அங்கே 30 என்று போட்டால் கிட்டத்தட்ட எல்லா பில்லும் முன்கூட்டியே கெடு தாண்டியதாகக் காட்டும். எக்செல்லில் வந்த கெடு தேதியை அப்படியே அங்கே அடித்துவிடுங்கள்.

புது ஷீட் போட்டதும் ஜனவரி 1, ஜனவரி 29, ஜனவரி 30, பிப்ரவரி 28, டிசம்பர் 31, அப்புறம் 2024 ஜனவரியில் ஏதாவது ஒரு தேதி, இவற்றை மட்டும் போட்டுப் பாருங்கள். முதல் முறையில் மார்ச் 2 மூன்று தடவை, மார்ச் 30, அடுத்த வருட ஜனவரி 30, லீப் வருடமான 2024க்கு மார்ச் 1 என்று வர வேண்டும்.

ஆர்டரில் எழுத வேண்டியது

அந்த மார்ச் மாதத்து போனுக்குப் பிறகு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசினோம். நல்ல மனிதர், அவருக்கே அந்த 29, 30 வித்தியாசம் தெரியவில்லை, பேப்பரில் போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டார். அடுத்த ஆர்டரிலிருந்து தவணைக்குக் கீழே ஒரு வரி சேர்க்க ஒத்துக்கொண்டார், ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: "பில் தேதி இருக்கும் மாதத்தின் கடைசி நாளிலிருந்து, அந்த நாளை விட்டு, 30 நாள், அது விடுமுறையானால் அடுத்த வேலை நாள், எப்படியும் சரக்கு சேர்ந்த நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகாது. உதாரணம்: மே 20 அன்று பில்லும் சரக்கும் வந்தால் கெடு ஜூன் 30." உதாரணத்தை எழுதச் சொல்லி நான்தான் பிடிவாதம் பிடித்தேன், ஆனால் இப்போது பார்த்தால் அந்த உதாரணம் மோசமான தேர்வு. இரண்டு முறையிலும் அதற்கு ஜூன் 30தான் வரும். ஜனவரி 30 பில்லை உதாரணமாகப் போட்டிருக்க வேண்டும், இந்த வருட ஆர்டரில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பழைய ஜனவரி 30 பில்லுக்குப் பணம் மார்ச் 31 சாயங்காலம்தான் வந்தது.